கடன் வரம்பை உயர்த்தக் கேட்ட கடிதத்துக்குப் பதில்

அன்புள்ள ஐயா,

வணக்கம். இரண்டாவது கடை திறக்கும் சமயத்தில் கடன் வரம்பை 2 லட்சத்திலிருந்து 8 லட்சம் ரூபாயாகவும், தவணையை 30 நாளிலிருந்து 90 நாளாகவும் உயர்த்தித் தரக் கேட்டிருந்தீர்கள். எங்களை நம்பிக் கேட்டதற்கு நன்றி. ஆனால் அந்த அளவுக்கு எங்களால் தர இயலாது. வருந்துகிறோம்.

காரணத்தை மறைக்காமல் சொல்லிவிடுகிறோம். வயரும் சுவிட்சும் தரும் கம்பெனிகளுக்கு நாங்கள் 30 நாளில் பணம் கட்டியாக வேண்டும். நீங்கள் மாதம் சுமார் 2.6 லட்சத்துக்குச் சரக்கு எடுக்கிறீர்கள். 90 நாள் தவணை என்றால் எந்த நேரமும் 7.8 லட்சம் வெளியில் நிற்கும். அந்த முதல் எங்களிடம் இல்லை. கடைசி ஆறு பில்களில் நான்கு, 12 முதல் 25 நாள் வரை தாமதமாக வந்ததையும் கணக்கில் எடுக்க வேண்டியிருந்தது.

எங்களால் செய்ய முடிந்தது இது: வரம்பு 3 லட்சம், தவணை 30 நாள். உங்கள் ஒரு மாதக் கொள்முதல் இதில் அடங்கிவிடும். இப்போதுள்ள 1,84,000 ரூபாய் பாக்கியில் தவணை கடந்த 62,000 ரூபாய் வந்த மறுநாளே புதிய வரம்பு நடைமுறைக்கு வரும்.

30 நாள் என்பது பில் தேதியிலிருந்து. சரக்கு வந்து சேர்ந்த தேதியிலிருந்து அல்ல. இதில்தான் குழப்பம் அதிகம் வருகிறது. செக் தந்தால், பணம் எங்கள் கணக்கில் ஏறிய பிறகே அந்தத் தொகை வரம்பில் கழியும். ஆர்டர் வரம்பைத் தாண்டினால் கூடுதல் தொகையை மட்டும் முன்பணமாக அனுப்புங்கள்.

30 நாளுக்கு மேல் போனால் மாதம் 1.5% தாமதக் கட்டணம், நாள் கணக்கில். ஒரு லட்ச ரூபாய் பில் 20 நாள் தாமதமானால் 1,000 ரூபாய். எந்த பில்லாவது 37 நாளைத் தாண்டினால் அது தீரும்வரை அடுத்த லோடு ஏற்ற மாட்டோம். சரக்கில் குறைவோ உடைசலோ இருந்தால் 3 நாளுக்குள் எழுதித் தெரிவியுங்கள். அந்தப் பொருளின் தொகையை மட்டும் நிறுத்திவைத்து, மீதியைத் தவணைக்குள் கட்டிவிடுங்கள். ஒரு பெட்டிக்காக முழு பில்லும் நிற்பது இருவருக்கும் நஷ்டம்.

7 நாளுக்குள் கட்டும் பில்களுக்கு 2% தள்ளுபடி உண்டு. புதுக் கடைக்கான முதல் சரக்கை இந்த வரம்பில் சேர்க்க வேண்டாம்: பாதி முன்பணம், மீதியை ஒவ்வொரு லோடும் இறங்கும்போது தந்தால் போதும். மெதுவாக விற்கும் விளக்குகளை முதல் லோடில் குறைத்து, வயர், சுவிட்சை அதிகம் வைத்தால் பணம் முடங்காது.

ஆறு மாதம் எல்லா பில்களும் தவணைக்குள் வந்தால் 4 லட்சம், 45 நாள் தருவது பற்றிப் பேசலாம்.

சம்மதம் என்றால் இக்கடிதத்தின் நகலில் கையொப்பமிட்டு, வரும் 20ஆம் தேதிக்குள் அனுப்புங்கள். அதுவரை பழைய 2 லட்ச வரம்பே தொடரும்.

இப்படிக்கு,
உரிமையாளர்
மின்பொருள் மொத்த விற்பனை