காரைக்குடி தொகுதி சுயேச்சை வேட்பாளரின் தேர்தல் அறிக்கை: தலைப்பு வாரியாக

காரைக்குடி தொகுதியில் சுயேச்சையாக நிற்கும், ஓய்வு பெற்ற கூட்டுறவுச் சங்கச் செயலாளரின் தேர்தல் அறிக்கை 24 பக்கப் புத்தகமாக வீடு வீடாக வந்திருக்கிறது. முழுக்கப் படிக்க நேரமில்லாதவர்களுக்காக அவர் சொல்லியிருப்பதை இங்கே சுருக்கித் தருகிறோம். நடக்குமா, பணம் எங்கிருந்து வரும் என்ற பேச்சுக்குள் போகவில்லை. ஆனால் அவரே "செய்வேன்" என்பதும், அரசை "வலியுறுத்துவேன்" என்பதும் புத்தகத்தில் கலந்து கிடக்கின்றன. அதை மட்டும் பிரித்துக் காட்டியிருக்கிறோம்.

தண்ணீர்

அறிக்கையில் அதிக இடம் இதற்குத்தான், ஏழு பக்கம். செய்வேன் என்று சொல்பவை: முதல் ஆண்டுக்குள் ஊருணிகளை அளந்து எல்லைக்கல் நடுவது, ஆண்டுதோறும் வடகிழக்குப் பருவமழைக்கு முன் வரத்துக்கால்களைத் தூர்வாருவது, இடிந்த படித்துறைகளைக் கட்டுவது, வரத்துக்கால் மேல் எழுந்த ஆக்கிரமிப்புகளின் பட்டியலைத் தெருவில் ஒட்டுவது. ஊருணிக்குள் விழும் சாக்கடையைத் திருப்பிவிட ஒவ்வோர் ஊருணிக்கும் தனித் திட்டம் போடுவாராம். கண்மாய்களில் சீமைக்கருவேலத்தை வேரோடு எடுத்து, விறகு ஏலத்தில் வரும் பணத்தை அந்தந்த ஆயக்கட்டு விவசாயிகளிடமே கொடுப்பதாகவும் சொல்கிறார். குழாய்த் தண்ணீர் எந்தத் தெருவுக்கு எந்த நேரத்தில் வரும் என்பது முந்தைய நாளே அறிவிக்கப்படும்.

வலியுறுத்துவேன் என்பது ஒன்றுதான்: சம்பை ஊற்றைச் சுற்றி விற்பனைக்காக ஆழ்குழாய் போட்டுத் தண்ணீர் எடுக்கத் தடை.

இங்கே ஒரு குழப்பம் இருக்கிறது. 5ஆம் பக்கத்தில் "எல்லா ஊருணிகளும்" என்கிறார், 7ஆம் பக்கத்தில் "உள்ளாட்சிக்குச் சொந்தமான ஊருணிகள்" என்கிறார். கோயிலுக்கும் அறக்கட்டளைக்கும் சொந்தமான ஊருணிகள் இதில் சேருமா என்பது புத்தகத்தில் தெளிவாகவில்லை.

பழைய வீடுகள்

75 ஆண்டு தாண்டிய, பராமரிப்பில் உள்ள வீடுகளுக்குச் சொத்து வரியைப் பாதியாக்க வலியுறுத்துவார். அவரே செய்வதாகச் சொல்பவை மூன்று. தெருவாரியாக வீடுகளின் பதிவேடு தயாரிப்பது. பங்காளிகளுக்குள் உடன்பாடு இல்லாமல் பூட்டிக் கிடக்கும் வீடுகளுக்கு இலவச சமரச மையம் அமைப்பது. சுண்ணாம்புப் பூச்சு, ஆத்தங்குடிக் கல் பதிப்பு, மர வேலை ஆகியவற்றில் இளம் கொத்தனார், தச்சர்களுக்கு ஆறு மாதப் பயிற்சி தருவது. அதற்கு உதவித்தொகையும் உண்டு, தொகை எவ்வளவு என்று போடவில்லை. நிலை, கதவு, தூண்களை வாங்கி விற்பவர்கள் எந்த வீட்டிலிருந்து வாங்கினார்கள் என்று குறித்து வைக்கச் சட்டம் கொண்டுவர வலியுறுத்துவார். செட்டிநாட்டு ஊர்கள் 2014 முதல் யுனெஸ்கோவின் உத்தேசப் பட்டியலில் இருக்கின்றன. அடுத்த கட்ட விண்ணப்பத்தை அரசு தயாரிக்க வேண்டும் என்பதும் அவருடைய கோரிக்கைகளில் ஒன்று.

கைத்தொழில், வியாபாரம்

காரைக்குடி கண்டாங்கிச் சேலை 2019இல் புவிசார் குறியீடு பெற்றதைச் சொல்லித்தான் இந்தப் பகுதி தொடங்குகிறது. நெசவாளர்களுக்கு நூல் மானியம் வலியுறுத்தப்படும். ரயில் நிலையத்தில் கண்டாங்கியும் ஓலைக் கொட்டானும் விற்க மகளிர் குழுக்களுக்குக் கடை கேட்பார். வீட்டிலேயே முறுக்கு, சீடை, அதிரசம் செய்து விற்பவர்களுக்குப் பொது பேக்கிங் கூடம் அமைப்பார். உணவுப் பாதுகாப்புப் பதிவுக்கு உதவ அங்கேயே ஆள் இருப்பார். புதுவயல் அரிசி ஆலைகளின் உமிச்சாம்பலை மூடிய வண்டியில் மட்டும் கொண்டுபோக ஏற்பாடு என்ற வரியும் இங்கேதான் இருக்கிறது. சுற்றுச்சூழல் பகுதியில் தேடியவர்கள் கவனிக்க.

போக்குவரத்து

தேவகோட்டை, காரைக்குடி இடையே இரவு 11 மணிக்குக் கடைசிப் பேருந்து; சென்னைக்குக் கூடுதல் இரவு ரயில்; இரண்டாம் உலகப் போர்க்கால விமான ஓடுதளத்தை மீண்டும் பயன்பாட்டுக்குக் கொண்டுவருவது. மூன்றும் "வலியுறுத்துவேன்" வகைதான்.

கல்வி, மருத்துவம், வேலை

சுருக்கமாகவே இருக்கிறது. அரசுப் பள்ளிகளில் மாலை நேர வாசிப்புக் கூடம் செய்வார். அரசு மருத்துவமனையில் இரவிலும் ஸ்கேன் எடுக்க வசதி கேட்பார். வேலைக்கு ஒரே வரி: "நம் இளைஞர்களுக்கு நம் ஊரிலேயே வேலை கிடைக்கப் பாடுபடுவேன்." எத்தனை பேருக்கு, எந்தத் துறையில், எப்போது என்று எதுவும் இல்லை.

தன்னைப் பற்றிச் சொல்லியிருப்பவை

சனிக்கிழமை தோறும் காலை 9 முதல் 1 வரை அலுவலகத்தில் இருப்பார். தொகுதி மேம்பாட்டு நிதியின் கணக்கு ஆறு மாதத்துக்கு ஒருமுறை அச்சிட்டுத் தரப்படும். சம்பளத்தில் பாதியை ஊருணிப் பராமரிப்புக்குக் கொடுப்பார். இரண்டாம் முறை நிற்க மாட்டார்.

மின்சாரம், ரேஷன், மது ஆகிய மூன்றையும் பற்றி 24 பக்கத்தில் ஒரு வரிகூட இல்லை.