பள்ளத்தூர் வீடு: வளவுக் கூரைச் சீரமைப்புத் திட்டச் சாசனம்

நாள்: 18 ஜனவரி 2026
எழுதியது: மதுரைப் புள்ளியின் மூத்த மகன், திட்டப் பொறுப்பாளர்
யாருக்கு: பங்காளிகள் 7 புள்ளிக்கும்

ஆபீஸில் இதை புராஜெக்ட் சார்ட்டர் என்போம். வீட்டு வேலைக்கு எதற்கு இதெல்லாம் என்று பெரியப்பா கேட்டார். போன தடவை எதையும் எழுதாமல் ஆரம்பித்தோம். கூரை ஒழுக்கை நிறுத்த வந்தவர்கள் முகப்புக்கு பெயின்ட் அடித்துவிட்டுப் போனார்கள், ஒழுக்கு அப்படியே இருக்கிறது. அதனால்தான் இது.

ஏன் இப்போது

கடந்த கார்த்திகை மழையில் வளவைச் சுற்றி 23 இடங்களில் பாத்திரம் வைத்தோம். அப்பத்தா அறை வாசலில் மட்டும் மூன்று அண்டா. வடகிழக்குப் பத்தியில் கைமரம் ஒன்றை விரலால் குத்தினால் தூளாக உதிர்கிறது. 2027 தை மாதம் சென்னைப் புள்ளி வீட்டுக் கல்யாணம் இதே வளவில்தான். ஆக நமக்கு இருப்பது ஒரே ஒரு கோடை.

செய்யப்போவது

முகப்பு, முதற்கட்டு இரண்டின் கூரை மட்டும். ஓட்டை இறக்கி, உளுத்த கைமரங்களையும் ரீப்பர்களையும் மாற்றி, மறுபடி ஓடு வேய்வது. இரண்டு சரிவு சேரும் பள்ளங்களில் துருப்பிடித்த தகரத்தை எடுத்துப் புதிது பதிப்பது. ஈரம் இறங்கிய சுவரில் பழைய பூச்சைக் கொத்தி எடுத்து, சுண்ணாம்புப் பூச்சே பூசுவது.

சிமென்ட் வேண்டாம் என்பதில் நான் பிடிவாதமாக இருக்கிறேன். நம் சுவர் செங்கலும் சுண்ணாம்பும். உள்ளே போன ஈரம் பூச்சு வழியாக வெளியேற வேண்டும். சிமென்ட் அதை அடைத்துவிடும். பட்டாலையில் சிமென்ட் ஒட்டுப்போட்ட இடத்தில் பக்கத்துப் பூச்சு பொரிந்து நிற்பதை யார் வேண்டுமானாலும் தொட்டுப் பார்க்கலாம்.

செய்யாதது

இரண்டாங்கட்டு, அடுப்படி, குளியலறை, ஆத்தங்குடிக் கல் தரை, கரன்ட் வயரிங், பெயின்ட். சாமான் அறைகளைத் திறப்பதும் இதில் சேராது. பாகப் பேச்சு தனி. “சாரம் கட்டியிருக்கிறதே, அப்படியே அதையும் பார்த்துவிடலாம்” என்ற வார்த்தை வந்தால் இந்தப் பக்கத்தைக் காட்டுவேன்.

யார் யார்

பணம் தருபவர்களும் முடிவெடுப்பவர்களும் 7 புள்ளி. ரூ. 25,000 வரை நானே முடிவெடுப்பேன். அதற்கு மேல் பெரியப்பா, சிங்கப்பூர் அண்ணன், சென்னைச் சித்தப்பா மூவரில் இருவர் சம்மதம் வேண்டும். வேலையின் எல்லை மாறவேண்டுமென்றால் ஐந்து புள்ளியின் கையெழுத்து. வாட்ஸாப்பில் கட்டைவிரல் போட்டது கணக்கில் வராது.

வீட்டில் குடியிருப்பவர் அப்பத்தா ஒருவர்தான், பணம் தராத அவருக்குத்தான் சிரமம் அதிகம். அவர் கேட்டது மூன்று: சாமி அறையில் தினம் விளக்கேற்ற வழி, கிணற்றடிக்குப் போக வழி, மதியம் ஒரு மணி முதல் மூன்று வரை சுத்தியல் சத்தம் இருக்கக் கூடாது. மூன்றும் ஒப்பந்தத்தில் எழுதப்படும்.

ஆசாரியும் கொத்தனாரும் தனித்தனி ஒப்பந்தம். வாட்ச்மேன் தினமும் மாலை நான்கு படம் அனுப்புவார்.

பணம்

மரம் 5,40,000, ஓடும் வேய்கூலியும் 4,70,000, பூச்சு 3,20,000, தகரம் 1,60,000, சாரம் 1,20,000. கூட்டினால் 16,10,000. ஓட்டைப் பிரித்த பிறகுதான் மரத்தின் உண்மை நிலை தெரியும் என்பதால் கைக்காவலாக 2,10,000. மொத்தம் ரூ. 18,20,000, புள்ளிக்கு 2,60,000, இரண்டு தவணை. மாற்று மரத்தைக் காரைக்குடிப் பழைய மரக் கடைகளில் தேக்காகவே பார்ப்போம்.

கெடு

பிப்ரவரி 28: ஒவ்வொரு கைமரத்துக்கும் எண் போட்டு, படம் எடுத்து, மாற்றுவது எது என்ற பட்டியல்.
மார்ச் 31: சுண்ணாம்பு ஊறல் போட்டாகிவிட வேண்டும்.
மே 31: மரவேலை முடிவு. ஒரு நேரத்தில் ஒரு பத்தி மட்டுமே திறந்திருக்கும். கோடைமழை சொல்லிக்கொண்டு வராது.
ஜூலை 31: ஓடும் தகரமும்.
ஆகஸ்ட் 31: பூச்சு. கூரை மூடும் முன் பூச்சில் கை வைக்கக் கூடாது.
செப்டம்பர் 12: கூரையில் ஹோஸ் பிடித்துத் தண்ணீர் விட்டுச் சோதனை. ஒழுகினால் சரிசெய்ய 18 நாள்.
செப்டம்பர் 30: சாரம் பிரித்து ஒப்படைப்பு.

எப்போது வெற்றி என்போம்

அதே 23 இடங்கள், தரையில் சாக்பீஸ் குறி போட்டு வைத்திருக்கிறேன். அக்டோபர் முதல் டிசம்பர் வரை எந்த மழையிலும் அங்கே ஒரு பாத்திரம்கூட வைக்கக் கூடாது. இறக்கிய ஓட்டில் நூற்றுக்கு எண்பதாவது மறுபடி கூரை ஏற வேண்டும். செலவு 18,20,000-ஐத் தாண்டக் கூடாது. வாசலுக்குள் ஒரு சிமென்ட் மூட்டைகூட வரக் கூடாது. கடைசியாக, அப்பத்தா தன் கட்டிலைப் பழைய இடத்துக்கே, ஜன்னலோரம், மாற்றிப் போட்டுக்கொள்ள வேண்டும்.

கூலியில் பத்தில் ஒரு பங்கைப் பிடித்துவைத்து, மழை முடிந்து டிசம்பர் 31 அன்று கொடுப்போம். ஆசாரி, கொத்தனார் இருவருமே இதற்குச் சம்மதித்துவிட்டார்கள்.

ஏழு கையெழுத்தும் முதல் தவணை 1,30,000 வீதமும் பிப்ரவரி 5-க்குள் வந்தால் சாரம் ஏறும். ஒன்று குறைந்தாலும் ஏறாது.