பொருள்: ஃபைனல் இன்ஸ்பெக்‌ஷனிலிருந்து துணிப் பரிசோதனை லேபுக்கு மாறுதல் கோருதல்

திருப்பூர்
12.08.2024

பெறுநர்: மனிதவள மேலாளர் அவர்கள்
நகல்: தரக்கட்டுப்பாட்டு மேலாளர் அவர்கள்

மதிப்பிற்குரிய ஐயா,

2020 முதல் நம் யூனிட்டில் ஃபைனல் இன்ஸ்பெக்‌ஷன் பிரிவில் க்யூசியாக வேலை பார்த்து வருகிறேன். துணிப் பரிசோதனை லேபில் உதவியாளர் இடம் இருப்பதாக நோட்டீஸ் போர்டில் பார்த்தேன். அந்த இடத்துக்கு என்னை மாற்றித்தரப் பரிசீலிக்குமாறு கேட்டுக்கொள்கிறேன்.

தைத்து முடிந்த பீஸைப் பார்த்து முடிவெடுக்க இந்தப் பிரிவில்தான் கற்றுக்கொண்டேன். ஏக்யூஎல் 2.5 அட்டவணையைப் பார்த்து சாம்பிள் எடுப்பதிலிருந்து, பயரின் இன்ஸ்பெக்டர் முன்னால் ரிப்போர்ட்டை விளக்கிச் சொல்வதுவரை, தரக்கட்டுப்பாட்டு மேலாளர் ஐயா என்னை நம்பி ஒப்படைத்த வேலைகள் அவை. லேபுக்குப் போக எனக்கு இப்போது தகுதி இருக்கிறதென்றால் அதற்கு இந்த அனுபவம்தான் காரணம்.

லேப் வேலையில் ஆர்வம் வந்ததும் இந்த மேஜையில்தான். போன சீசனில் சிங்கிள் ஜெர்சி டி-ஷர்ட் ஒன்றைத் துவைத்துப் பார்த்தபோது பக்கத் தையல் முறுக்கிக்கொண்டு முன்பக்கம் வந்துவிட்டது. தையலில் குறையே இல்லை. நூலின் முறுக்கு, நிட்டிங், ஃபினிஷிங் என்று காரணம் பின்னோக்கிப் போய்க்கொண்டே இருந்தது. அதைத் தேடிப் படிக்கப் போய், சுருக்கம், ஜிஎஸ்எம், சாயம் நிற்கும் தன்மை ஆகியவற்றை எப்படிச் சோதிக்கிறார்கள் என்பதையும் ஓரளவு தெரிந்துகொண்டேன். மீதியைப் புத்தகத்தில் படித்தால் போதாது, கையால் செய்து பழக வேண்டும். பின்னாளில் லேப் டெக்னீஷியனாக வர வேண்டும் என்பது என் விருப்பம்.

லைட் பாக்ஸில் ஷேடு பார்ப்பதும், ரோலுக்கு ஃபோர் பாயின்ட் போடுவதும் எனக்கு ஏற்கெனவே பழக்கம். ஸ்பெக்ட்ரோஃபோட்டோமீட்டரைத் தொட்டதில்லை. அதை முதலிலிருந்து கற்க வேண்டும். அதுவரை லேபில் எந்த வேலை கொடுத்தாலும் செய்வேன். சம்பளமும் கிரேடும் இப்போதுள்ளபடியே இருந்தால் போதும்.

இந்த விண்ணப்பத்தைக் கொடுக்கும் முன்பே மேலாளர் ஐயாவிடம் நேரில் சொல்லிவிட்டேன். இப்போதைய ஷிப்மென்ட் முடியும்வரை நான் இங்கேயே இருக்க வேண்டும் என்றார். எனக்கும் அதுதான் சரியென்று படுகிறது. கையிலுள்ள ஆர்டர்களின் ரிப்போர்ட்டுகளை முடித்து, ஒவ்வொரு பயரும் எதை மேஜர், எதை மைனர் என்று எடுத்துக்கொள்வார்கள் என்பதைத் தமிழில் எழுதிக் கொடுத்து, என் இடத்துக்கு வருபவரைக் கூடவே வைத்துப் பழக்கிவிட்டுத்தான் கிளம்புவேன். மாறிய பிறகும் ஷிப்மென்ட் நெருக்கடியில் கூப்பிட்டால், லேப் இன்சார்ஜ் அனுமதியோடு வந்து உதவுவேன்.

லேப் இன்சார்ஜ் நேர்முகமோ செய்முறைத் தேர்வோ வைத்தால் எந்த ஷிஃப்டிலும் வரத் தயார். மதிய இடைவேளையில் தங்களை நேரில் சந்திக்க வாய்ப்புக் கொடுத்தால் மீதி விவரங்களைச் சொல்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
க. மாலதி
ஃபைனல் இன்ஸ்பெக்‌ஷன் பிரிவு