சமையற்கூட மேற்பார்வையாளர் பணி: ஃபோஸ்டாக் சான்றிதழ் அனுப்புகிறேன்

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். உங்கள் ஈரோடு சமையற்கூடத்தின் மேற்பார்வையாளர் வேலைக்குச் செப்டம்பர் 11 அன்று நேர்காணலுக்கு வந்திருந்தேன். உணவுப் பாதுகாப்புப் பயிற்சிச் சான்றிதழ் இருக்கிறதா என்று அன்று கேட்டீர்கள். பதிவு செய்திருக்கிறேன், இன்னும் முடிக்கவில்லை என்று சொன்னேன். இப்போது முடித்துவிட்டேன். கேட்டரிங் பிரிவில் மேல்நிலை ஃபோஸ்டாக் பயிற்சி எடுத்து, தேர்விலும் தேறிவிட்டேன். சான்றிதழை இணைத்துள்ளேன். இது இரண்டு ஆண்டுகளுக்குச் செல்லும். ஆட்களைத் தேர்ந்தெடுக்கும் வேலை இன்னும் முடியவில்லை என்று உங்கள் அலுவலகத்தில் சொன்னார்கள். அதனால் என் விண்ணப்பத்தோடு இதையும் சேர்த்துக்கொள்ளுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

உரிமம் பெற்ற சமையற்கூடத்தில் 25 பணியாளருக்கு ஒருவர் இந்தப் பயிற்சி பெற்றிருக்க வேண்டும் என்பது எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ. விதி. உங்களிடம் இரண்டு ஷிஃப்டிலும் ஆட்கள் அதிகம். என்னை எடுத்தால் அந்தக் கணக்கில் ஒருவர் கூடுவார்.

அன்று சமையற்கூடத்தைச் சுற்றிக் காட்டியபோது, மண்டபங்களுக்குப் போகும் சாம்பார் அண்டாக்கள் வேனில் ஏறுவதைப் பார்த்தேன். பயிற்சியில் நான் அதிகம் கேள்வி கேட்டது இந்த இடத்தைப் பற்றித்தான். சூடாகப் பரிமாற வேண்டியது 60 டிகிரி செல்சியஸுக்குக் கீழே இறங்கக் கூடாது; குளிரில் வைப்பது 5 டிகிரிக்கு மேல் ஏறக் கூடாது. அடுப்பிலிருந்து இறக்கும்போது சாம்பார் கொதித்துக்கொண்டுதான் இருக்கும். வேன் கிளம்பத் தாமதமாகி, மண்டபத்தில் கடைசிப் பந்தி வரைக்கும் அது காத்திருக்கும்போதுதான் சிக்கல். எனக்கு வாய்ப்புக் கொடுத்தால், ஏற்றும்போது ஒருமுறை, மண்டபத்தில் இறக்கியதும் ஒருமுறை தெர்மாமீட்டர் வைத்துப் பார்த்து ஏட்டில் எழுதும் பழக்கத்தை முதலில் கொண்டுவர விரும்புகிறேன். தேங்காய்ச் சட்னியைக் கூடுமானவரை மண்டபத்திலேயே அரைக்கச் சொல்வேன். வடை பொரித்த எண்ணெயில் மொத்த போலார் சேர்மங்கள் 25 சதவீதத்தைத் தாண்டினால் அதை மறுபடி பயன்படுத்தக் கூடாது. நிறம் பார்த்து முடிவு செய்வதைவிட, அளக்கும் கருவி ஒன்று இருந்தால் நல்லது.

இது குறுகிய காலப் பயிற்சிதான். கல்லூரி விடுதிச் சமையற்கூடத்தில் வேலை பார்த்த அனுபவத்துக்கு இது ஈடாகாது என்பது எனக்குத் தெரியும். ஆனால் அங்கே கைப்பழக்கமாகச் செய்துவந்த பலவற்றுக்கு இப்போது காரணம் தெரிகிறது, புதிதாக வரும் பிள்ளைகளுக்கும் என்னால் சொல்லிக்கொடுக்க முடியும்.

முடிவை அவசரப்படுத்துவதற்காக இதை எழுதவில்லை. அசல் சான்றிதழைப் பார்க்க வேண்டுமென்றால் சொல்லுங்கள், கொண்டுவந்து காட்டுகிறேன். விண்ணப்பத்தில் கொடுத்த கைப்பேசி எண்ணில் மாலை 4 மணிக்கு மேல் எப்போது வேண்டுமானாலும் அழைக்கலாம். வேலை உறுதியானால், இப்போது இருக்கும் இடத்தில் 15 நாள் முன்னறிவிப்புக் கொடுத்துவிட்டு வந்து சேர்ந்துவிடுவேன்.

நன்றி.

இப்படிக்கு,
ம. கோமதி
பெருந்துறை

இணைப்பு: ஃபோஸ்டாக் மேல்நிலைச் சான்றிதழ் (கேட்டரிங்)