மலர் அக்காவுக்கு, நம்ம டீம் குரூப்பில்

மலர் அக்கா, நீங்கள் லூதியானாவுக்குக் குடிபோகிறீங்க என்று மத்தியானம் சாப்பாட்டு நேரத்தில் எல்லாரும் ஊர், வீடு, ரயில் என்று பேசினோமே தவிர, சொல்ல வேண்டியதை யாருமே சொல்லவில்லை. நேரில் ஆரம்பித்தால் நீங்கள் பேச்சை மாற்றிவிடுவீங்க. அதனால் இங்கே எழுதுகிறேன். தனியாக அனுப்பாமல் குரூப்பில் போடுவதும் வேண்டுமென்றேதான். புதிதாகச் சேர்ந்திருக்கிற தம்பி, தங்கச்சிகளும் படிக்கட்டும்.

நான் சேர்ந்த முதல் வாரம், ஜிஎஸ்எம் கட்டரைக் கையில் கொடுத்து ஒரு வட்டம் வெட்டச் சொன்னீங்க. தராசில் 1.6 கிராம் காட்டியது. "நூறால் பெருக்கு, 160 ஜிஎஸ்எம். ஆனா ஒரே இடத்துல வெட்டிட்டு ரோலுக்கே முடிவு சொல்லிடாத, ஓரத்துலயும் நடுவுலயும் வெட்டிப் பாரு" என்றீங்க. மூன்று வருடம் ஆகிறது. இன்றைக்கும் ஒரு இடத்தில் வெட்டி நிறுத்த எனக்குக் கை வருவதில்லை.

அப்புறம் அந்த நேவி ப்ளூ போலோ ஆர்டர். பாடி துணியும் காலர் ரிப்பும் வேறு வேறு லாட். நான் லைட் பாக்ஸில் டி65 விளக்கை மட்டும் போட்டுப் பார்த்துவிட்டு ஓகே என்று எழுதிவிட்டேன். பகல் வெளிச்சத்தில் ஒட்டிப்போன ஷேட், கடை வெளிச்சத்தில் பிரிந்துவிடும் என்று எனக்கு அப்போது தெரியாது. கட்டிங்குக்குப் போகிற நேரத்தில் நீங்கள் வந்து டிஎல்84 சுவிட்சைத் தட்டினீங்க. ரிப் மட்டும் சிவப்படித்துத் தனியாகத் தெரிந்தது. திட்டுவீங்க என்று நின்றிருந்தேன். நீங்கள் துண்டை எடுத்துக்கொண்டு அந்த ராத்திரியே சாயப்பட்டறைக்குக் கிளம்பினீங்க, என்னையும் வண்டியில் ஏற்றிக்கொண்டு. ஷேட் சரியாகி வரும்வரை அங்கேயே உட்கார்ந்திருந்தோம். பையருக்குப் போன மெயிலில் "நாங்கள் பார்த்துச் சரிசெய்தோம்" என்று மட்டும் இருந்தது. என் பெயர் அதில் எங்கேயும் இல்லை. அதற்கு நான் இதுவரை நன்றி சொன்னதில்லை அக்கா. இப்போது சொல்கிறேன்.

மூன்றாம் லைன் சுனிதா விஷயத்தையும் சொல்லியாக வேண்டும். ஒடிசாவிலிருந்து வந்த புதிதில் அவள் ஓவர்லாக்கில் தையல் விட்டுப்போய்க்கொண்டே இருந்தது. செக்கிங்கில் பண்டலைத் திருப்பித் திருப்பி அனுப்பினோம். தமிழ் புரியாமல் அவள் அழுதாள். நீங்கள் ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டு அவள் பக்கத்தில் உட்கார்ந்து, ஊசியைக் கழற்றி நகத்தில் உரசிப் பார்த்தீங்க. முனை மழுங்கியிருந்தது. ஊசியை மாற்றியதும் தையல் சரியாகிவிட்டது. பீஸில் தப்பு வந்தால் முதலில் மெஷினைப் பார், அப்புறம் ஆளைப் பார் என்பதை நாங்கள் அன்றைக்குக் கண்ணால் பார்த்தோம். இன்று அந்த லைனில் சுனிதா கை பட்ட பீஸ் திரும்பி வருவது அபூர்வம். உங்களுக்கு இந்தி சொல்லிக்கொடுத்ததும் அவள்தானே, அது இப்போது லூதியானாவில் உதவும்.

மாமாவுக்கு பேங்க்கில் டிரான்ஸ்பர் என்று நீங்கள் சொன்ன நாளிலிருந்து எனக்கு ஒரே நினைப்புதான். புது ஊரில், பாஷை பிடிபடாத முதல் மாதத்தில், உங்கள் பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்கார யாராவது ஒருவர் கிடைக்க வேண்டும். லூதியானாவும் பின்னலாடை ஊர்தான். நமக்குப் பருத்தி பனியன், அவர்களுக்குக் கம்பளி ஸ்வெட்டர். பாப்பா பள்ளிக்கூடம் செட்டானதும் அங்கே ஒரு நல்ல யூனிட்டில் நீங்கள் சேர வேண்டும் என்பது எங்கள் எல்லாருடைய ஆசை. உங்கள் கண்ணை வீட்டிலேயே வைத்துக்கொள்ளாதீங்க அக்கா.

அங்கே டிசம்பர், ஜனவரியில் பனிமூட்டமும் குளிரும் கடுமை. அதனால் சாம்பிள் ரூமில் உங்கள் நாலு பேருக்கும் இண்டர்லாக் துணியில் முழுக்கை உள்சட்டை தைத்திருக்கிறோம். கட்டிங் மாஸ்டர் வெட்டினார், சுனிதா தைத்தாள், துவைத்துச் சுருக்கம் பார்த்தாயிற்று, இரண்டு விளக்கிலும் ஷேட் பார்த்தாயிற்று. சனிக்கிழமை கொடுக்கிறோம். நீங்களும் ஒரு தரம் செக் பண்ணி, டேக்கில் கையெழுத்துப் போட்டுத்தான் எடுத்துக்கொண்டு போகணும்.

எல்லாரும் கவனிங்க: சனிக்கிழமை மத்தியானம் சாப்பாடு யாரும் கொண்டுவர வேண்டாம். அக்காவுக்குப் பிடித்த அரிசிம்பருப்பு சாதம் எங்கள் அம்மா செய்து அனுப்புகிறார். அப்பளம் கணேஷ் அண்ணன் பொறுப்பு. ஞாயிறு ராத்திரி அக்கா கேரளா எக்ஸ்பிரஸில் டெல்லி போய், அங்கிருந்து வண்டி மாறுகிறார். சாமான் நிறைய இருக்கிறது, வரக்கூடியவர்கள் ரயிலுக்கு ஒரு மணி நேரம் முன்னாடியே ஸ்டேஷனுக்கு வந்துவிடுங்க. பைக் வைத்திருப்பவர்கள் முதலில் அக்கா வீட்டுக்கு வந்தால் பெட்டிகளைப் பிரித்து எடுத்துக்கொண்டு போகலாம். யார் யார் வருகிறீர்கள் என்று கீழே போடுங்க.

அக்கா, இந்த குரூப்பை விட்டு மட்டும் வெளியே போகாதீங்க. ஷேட்டில் சந்தேகம் வந்தால் போட்டோ போடுவேன். போட்டோவில் ஷேட் பார்க்கக் கூடாது என்று நீங்கள் சொல்வீங்க. அதைக் கேட்கவாவது போடுவேன்.