ஏழு நாட்டு நாய்க்குட்டிகளுக்கு வீடு வேண்டும்: இந்த ஞாயிறு, கும்பகோணத்தில்

அரசலாற்றுக் கரையில் சாக்கில் கட்டிப் போட்டிருந்த ஏழு குட்டிகளும் இப்போது எங்கள் காப்பகத்தில் நலமாக இருக்கின்றன. வயது 8 வாரம். மூன்று ஆண், நான்கு பெண். செவலை நான்கு, கருப்பு இரண்டு, நெற்றியில் வெள்ளைப் பொட்டுள்ள சாம்பல் ஒன்று. இந்த ஞாயிறு காலை 9 முதல் 1 மணி வரை மகாமகக் குளத்தின் வடகரையில் வந்து பாருங்கள். பணம் எதுவும் வேண்டாம்.

ஆண் குட்டிகளை எல்லாரும் கேட்கிறார்கள். பெண் குட்டிகள்தான் தங்கிவிடுகின்றன. குட்டி போடுமே என்ற பயம் வேண்டாம். ஆறு மாதம் ஆனதும் கருத்தடை அறுவை சிகிச்சையை நாங்களே இலவசமாகச் செய்து தருகிறோம்.

குடற்புழு மருந்தும் முதல் தடுப்பூசியும் போட்டாயிற்று. அடுத்த ஊசி மூன்று நான்கு வார இடைவெளியில். 16 வாரம் ஆகும்வரை தொடர வேண்டும். வெறிநாய்க்கடி ஊசி மூன்றாம் மாதம், பிறகு ஆண்டுதோறும். ஊசிகள் முடியும்வரை குட்டியைத் தெருவில் இறக்காதீர்கள். குட்டிகளுக்கு ரத்தப் பேதியை உண்டாக்கும் பார்வோ கிருமி மண்ணில் மாதக்கணக்கில் உயிரோடு இருக்கும். சாப்பிடாமல் சுருண்டு படுப்பது, வாந்தி, ரத்தம் கலந்த பேதி தெரிந்தால் மறுநாள் பார்க்கலாம் என்று விடாதீர்கள். நீர் வற்றியே குட்டி செத்துப்போகும். கடந்த ஓராண்டில் உங்கள் வீட்டில் பார்வோவால் நாய் இறந்திருந்தால் மறைக்காமல் சொல்லுங்கள். ஊசிகள் முடிந்த பெரிய நாயைத் தருவோம்.

பசும்பால் பெரும்பாலான குட்டிகளுக்குப் பேதியாகும். குழைந்த சோற்றில் அவித்த முட்டையோ எலும்பு நீக்கிய கோழிக்கறியோ பிசைந்து, உப்பு, மசாலா, வெங்காயம் இல்லாமல் ஒரு நாளைக்கு நான்கு வேளை கொடுங்கள். வெந்த கோழி எலும்பு ஆகவே ஆகாது, சில்லாக உடைந்து குடலைக் கிழிக்கும். தூங்கி எழுந்ததும் சாப்பிட்டு முடித்ததும் ஒரே இடத்துக்குத் தூக்கிப் போனால் வெளிக்குப் போகும் பழக்கம் தானே வந்துவிடும். முதல் சில ராத்திரி அழும். தாயும் கூடப்பிறந்தவையும் பக்கத்தில் இல்லையே! நீங்கள் படுக்கும் அறையிலேயே ஒரு பழைய புடவையை விரித்துப் போடுங்கள்.

வயலை ஒட்டிய வீட்டுக்காரர்கள் கவனியுங்கள்: வரப்பில் வைக்கும் எலி மருந்து நாய்க்கும் எமன். தின்றதாகச் சந்தேகம் வந்தாலே வீட்டு வைத்தியம் பார்க்காமல், மருந்துப் பொட்டலத்தோடு கால்நடை மருத்துவமனைக்கு ஓடுங்கள்.

நாட்டு நாய் 12 வருஷத்துக்கு மேலும் வாழும். அதனால் வீட்டில் எல்லாருமே சம்மதித்துத்தான் வர வேண்டும். ஆதார் நகல் கொண்டுவாருங்கள். வாடகை வீடு என்றால் வீட்டுக்காரர் எழுதிக் கொடுத்த சம்மதமும் வேண்டும். தோப்புக் காவலுக்கோ பகலெல்லாம் சங்கிலியில் கட்டிப்போடவோ கேட்பவர்களுக்குத் தரமாட்டோம். ஒரு மாதத்துக்குள் வீட்டுக்கு வந்து பார்ப்போம். வளர்க்க முடியாமல் போனால், எத்தனை வருஷம் கழித்தும் எங்களிடமே திருப்பிக் கொண்டுவந்து விடுங்கள். காரணம் கேட்டுக் கடிந்துகொள்ள மாட்டோம்.

குட்டியைக் கொண்டுபோக மூடியுள்ள கூடையும் பழைய துண்டும் எடுத்து வாருங்கள்.