மறைத்து வைத்த அடுக்கு

பொதுப்பணித்துறையில் முதுநிலை வரைதொழில் அலுவலராக இருந்து ஓய்வு பெற்ற சபாபதியின் கையில் எந்தப் படத்தைக் கொடுத்தாலும், முதலில் பிழைதான் அவர் கண்ணில் படும். டிரேசிங் தாளில் விழுந்த தவறான மைக்கோட்டைத் தாள் கிழியாமல் பிளேடால் சுரண்டி எடுக்க வேண்டியிருந்த காலத்தில் தொழில் பழகியவர் அவர். மதகின் ஓர் அளவு தவறினால் அந்தத் தவறு அச்சுப்படியோடு களத்துக்கும் போய், அங்கே கற்காரையாக இறுகிவிடும். ஆகவே குறை காண்பதை அவர் குணமாக எண்ணியதில்லை, அது வேலை.

பதினொரு வயதுப் பேத்தி கயல், அம்மாவின் டேப்லெட்டில் முதன்முதலாக வரைந்த கல்லணைப் படத்தை நீட்டியபோதும் அந்த வேலைதான் நடந்தது. ஜூன் மாதத்தில் மேட்டூர் நீர் வந்து சேர்ந்து மதகுகள் திறக்கப்பட்டிருந்த சமயம், தஞ்சாவூரிலிருந்து குடும்பத்தோடு போய்ப் பார்த்துவிட்டு வந்து வரைந்த படம்.

"தூண்களின் இடைவெளி தொலைவு போகப் போகக் குறைய வேண்டும், கயல். இங்கே எல்லாம் ஒரே அகலம். பாலத்தின் கைப்பிடிச் சுவரும் கீழே நீர்மட்டமும் அடிவானத்தில் ஒரே புள்ளியை நோக்கி ஓட வேண்டும். உன் படத்தில் ஆளுக்கொரு திசையில் போகின்றன. மூன்றாம் தூணின் கோடு வேறு மற்றவற்றைவிடத் தடித்துவிட்டது."

"சரி, தாத்தா," என்று சொல்லி அவள் டேப்லெட்டை வாங்கிக்கொண்டு போனாள்.

மறுநாள் மாலை திருத்திய படம் வந்தது. அடிவானத்தில் ஒரு புள்ளி வைத்து, அதிலிருந்து கோடுகளை இழுத்து, தூண்களை ஒழுங்காகச் சிறுக்க வைத்திருந்தாள். குறிக்க ஒன்றுமில்லை என்று சொல்ல வாயெடுத்தவர், படத்தில் ஏதோ செத்துக் கிடப்பதை உணர்ந்து மீண்டும் பார்த்தார்.

"தண்ணீர் எங்கே?"

"இருக்கிறதே, தாத்தா. நீலமாக."

முதல் படத்தில் இருந்தது இந்த நீலம் அல்ல. மதகுகளின் அடியில் நுங்கும் நுரையுமாகப் புரண்ட புதுவெள்ளத்தை, செம்மண் நிறத்தின் மேல் சிறு சிறு வெள்ளைத் தீற்றல்களால் காட்டியிருந்தாள். அவர் பார்வை அன்று அங்கே நின்றதும், நின்ற பிறகு தூண்களுக்குத் தாவியதும் இப்போதுதான் நினைவுக்கு வந்தன. தண்ணீரில் பிழை இல்லாததால் அதைப் பற்றிப் பேச்சும் எழவில்லை.

"நீங்கள் அதைப் பற்றி எதுவும் சொல்லவில்லை. நன்றாக இல்லையோ என்று எடுத்துவிட்டேன். தாத்தா பேசாமல் இருந்தால் நன்றாக இருக்கிறது என்று அர்த்தம் என்கிறாள் அம்மா. எனக்கு அது எப்படித் தெரியும்?"

சபாபதி மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அலுவலகத்தில் ஒரு படத்தைச் சரிபார்க்கும்போது, சரியான ஒவ்வோர் அளவின் மேலும் சிறு டிக் போட்ட பிறகே தவறானதைச் சிவப்பில் சுழிப்பார். டிக் விழுந்த இடத்தில் அடுத்தவர் கைவைக்கக் கூடாது என்பதற்காகத்தான் அந்த ஏற்பாடு. இந்தக் குழந்தைக்கு அவர் சிவப்பை மட்டும் கொடுத்திருந்தார். அவளோ கைவைக்கக் கூடாத இடத்தில் கைவைத்திருந்தாள்.

"அழித்தேவிட்டாயா?"

"இல்லை, அந்த லேயரை மறைத்துத்தான் வைத்திருக்கிறேன்." அவள் ஓரத்திலிருந்த கண் குறியைத் தொட்டதும், திருத்திய தூண்களுக்கு அடியில் வெள்ளம் திரும்பி வந்து பாய்ந்தது.

"நன்றாக இருக்கிறது," என்றார். சொன்ன பிறகு, அந்தச் சொல்லில் அவள் பிடித்துக்கொள்ள எதுவும் இல்லை என்பது அவள் முகத்திலேயே தெரிந்தது. டிக் போடுவதென்றால் இடம் காட்டிப் போட வேண்டும். விரலைத் திரையின் அருகே கொண்டுபோனார். "நீருக்கு நீலம் பூசாமல் செம்மண் நிறம் கொடுத்திருக்கிறாய், புதுவெள்ளம் அப்படித்தான் வரும், நீ கண்ணால் பார்த்ததை வரைந்திருக்கிறாய். இந்த வெள்ளைத் தீற்றல்கள் ஷட்டரின் அடியில் நெருக்கமாகவும், விலக விலகக் கலைந்தும் இருக்கின்றன. நீர் பாயும் வேகம் அதில்தான் தெரிகிறது. இதைத் தொடாதே."

கயல் சற்று நேரம் படத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். "வேறு?"

"தூண்களைத் திருத்திய விதமும் சரி. ஒரே ஒரு வேலை பாக்கி. தூண்கள் சிறுத்துவிட்டன, அவற்றின் அடியில் நுரை மட்டும் பழைய அளவிலேயே நிற்கிறது."

"அது எனக்கும் உறுத்தியது, தாத்தா," என்றபடியே அவள் பேனாவை எடுத்துத் தூரத்து நுரையைச் சிறிதாக்கத் தொடங்கினாள்.

இரவுச் சாப்பாட்டில் குழம்பை ஊற்றிவிட்டு மகள் கேட்டாள்: "எப்படி அப்பா இருக்கிறது? பேசாமல் இருந்துவிடாதீர்கள்."

அவர் ஒரு கவளம் உண்டார். "புளி அளவாக விழுந்திருக்கிறது, கத்தரிக்காய் குழையாமல் வெந்திருக்கிறது," என்றவர், கயல் தன்னைக் கவனிப்பதைப் பார்த்துவிட்டுத்தான் முடித்தார்: "உப்பு ஒரு கல் குறைவு."